ஒரே ஞாயிறில் கியூட்டும் ஐ.எஸ்.ஐ. தேர்வும்: தேதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

நெல்லைப்பையன்07

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்திருக்கிறேன், ஊர் திருநெல்வேலி. கணிதம் படிக்க ஆசை, அதனால் ஐ.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.ஸ்டாட் நுழைவுத் தேர்வுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கியூட் யூ.ஜி.க்கும் போட்டிருந்தேன். ஐ.எஸ்.ஐ. ஹால் டிக்கெட் போன வாரமே வந்துவிட்டது, சென்னை சென்டர், அடுத்த வாரத்துக்கு மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை. நேற்று ராத்திரி கியூட் சிட்டி ஸ்லிப் வந்தது, திறந்து பார்த்தால் கணிதமும், ஜெனரல் டெஸ்ட் எனப்படும் பொதுத் தேர்வும் அதே ஞாயிறு, திருநெல்வேலியில். ஆங்கிலமும் இயற்பியலும் அதற்கு அடுத்த வியாழன், அதில் பிரச்சினை இல்லை.

அப்பா இரண்டு பேருக்கும் மெயில் போடு என்கிறார். பள்ளியில் ஒரு சார், 'அதெல்லாம் மாத்த மாட்டாங்க, ஒண்ணை விட்டுடு' என்கிறார். யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது, உண்மையிலேயே மாறுமா? இப்படி மாற்றி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன்

ஒரே நாள் என்றால் உடனே மோதல் என்று ஆகிவிடாது தம்பி. கியூட் மாதிரிக் கணினித் தேர்வுகள் ஷிப்ட் ஷிப்டாக நடக்கும். ஒன்று காலை, ஒன்று மதியம் என்றால் இரண்டையும் எழுதிவிடலாம். என் அண்ணன் மகள் இப்படித்தான் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரே நாளில் முடித்தாள். முதலில் ஷிப்டைப் பார், அப்புறம் பதறலாம்.

நெல்லைப்பையன்07

அண்ணா, ஒன்று சென்னை, ஒன்று திருநெல்வேலி. 😅

சும்மா_ஒருவன்

அட, அதைக் கவனிக்கவில்லை. ஆனால் ஷிப்ட் கணக்கு தப்பில்லையே, கியூட்டைச் சென்னைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாரேன்.

லேப்_பொறுப்பாளர்

அதுவும் உதவாது. பி.ஸ்டாட் தேர்வு காலையும் மதியமும் சேர்ந்தது. காலையில் யு.ஜி.ஏ., சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகள், 2 மணி நேரம். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு யு.ஜி.பி., வழிமுறையோடு எழுத வேண்டிய 8 கணக்குகள், அதற்கும் 2 மணி நேரம். காலைத் தாளை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பயனில்லை. அதனால் இந்தப் பையனுக்கு ஷிப்ட் மாற்றம், ஊர் மாற்றம் இரண்டுமே போதாது, தேதிதான் மாற வேண்டும். எதைக் கேட்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும், நிறைய பேர் மெயிலில் 'ஷிப்ட் அல்லது சென்டர் அல்லது தேதி மாற்றித் தரவும்' என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள், படிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது.

நான் ஒரு பொறியியல் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பொறுப்பில் இருக்கிறேன், ஆறு வருடமாக எங்கள் லேபில் இந்த மாதிரித் தேர்வுகள் நடக்கின்றன. சாயங்காலம் வந்து விரிவாக எழுதுகிறேன். தம்பி, அதுவரை ஒன்று மட்டும் செய். கியூட் விண்ணப்பத்தில் எந்த மெயில் ஐ.டி. கொடுத்திருக்கிறாய் என்று பார்த்து வை.

ராஜி அம்மா

என் பெண்ணுக்கும் இதே பிரச்சினை. அவளுக்குப் பள்ளி செய்முறைத் தேர்வு அன்று ஒரு தனியார் பல்கலைக்கழகத் தேர்வு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவே இல்லை. நாலு நாள் கழித்து எடுத்து, 'மேடம் நீங்களே ஸ்லாட் மாத்திக்கலாமே' என்றார்கள். அது அவர்கள் இணையதளத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்ப்பதற்குள் ஸ்லாட் எல்லாம் நிரம்பிவிட்டது. இதற்கு என்ன செய்யலாம்?

திருவாரூர் அக்கா

ராஜி அம்மா, உங்களுடையது வேறு வகை. பிட்சாட், விட்டீ மாதிரித் தேர்வுகளில் நாமே நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்போம், அங்கே முந்திக்கொள்வதுதான் வழி. செய்முறைத் தேர்வை வேண்டுமானால் பள்ளியில் வேறு பேட்சில் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், தலைமையாசிரியர் மனது வைத்தால் நடக்கும். தனி இழை ஆரம்பியுங்கள், இங்கே கலந்துவிட்டால் தம்பிக்குப் பதில் கிடைக்காது.

தம்பி, நான் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தேன், கியூட் மூலமாகத்தான் சேர்ந்தேன். ஒன்று கேட்கிறேன், கியூட் எழுதுவது எந்தப் படிப்புக்காக? ஏனென்றால் கணிதத் தாள் இல்லாமல் கணிதப் பட்டத்துக்குப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். ஞாயிறை விட்டுவிட்டு வியாழன் மட்டும் போய் எழுதினால் அந்த மதிப்பெண்ணை வைத்து நீ நினைக்கும் இடத்தில் சேரவே முடியாது.

நெல்லைப்பையன்07

டெல்லிப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, திருவாரூர் மூன்றும் மனதில் இருக்கின்றன அக்கா. மூன்றுக்குமே கணிதம் வேண்டும். அதனால்தான் இவ்வளவு தவிப்பு.

லேப் சார், மெயில் ஐ.டி. பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டபோது அந்த அண்ணன் தன்னுடைய ஐ.டி.யையே கொடுத்திருக்கிறார். போன் நம்பர் மட்டும் அப்பாவுடையது.

லேப்_பொறுப்பாளர்

அதைத்தான் பயந்தேன். பத்தில் மூன்று பேருக்கு இதுதான் கதை. சரி, இப்போது வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் யாருக்கு எழுதுவது. அப்பா சொன்ன மாதிரி இரண்டு பேருக்கும் எழுதினால் தப்பில்லை, ஆனால் ஐ.எஸ்.ஐ.யால் ஒன்றும் செய்ய முடியாது. அது நாடு முழுக்க ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளோடு நடக்கும் தேர்வு. உனக்காக இன்னொரு நாள் வைக்க வேண்டுமென்றால் புதுக் கேள்வித்தாள் போட வேண்டும். நீட், ஐசர் நடத்தும் ஐ.ஏ.டி., கிளாட் எல்லாம் இந்த வகைதான், ஒரு நாளை விட்டால் அந்த வருடம் போனது. கியூட், ஜே.இ.இ. மெயின் அப்படி இல்லை. பல நாள், ஒரு நாளைக்குப் பல ஷிப்ட், ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேறு கேள்வித்தாள், பிறகு ஷிப்டுகளுக்கு இடையே மதிப்பெண்ணைச் சமன் செய்வார்கள். அங்கே உன்னை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இன்னொரு பட்டியலில் போட இடம் இருக்கிறது. அசையக்கூடியது எதுவோ அதைத்தான் அசைக்கப் பார்க்க வேண்டும். ஆகவே கியூட்டை நடத்தும் என்.டி.ஏ.வுக்கு மட்டும் எழுது, கியூட் யூ.ஜி.க்கான முகவரி cuet-ug@nta.ac.in.

இரண்டாவது, எப்போது. இதைத்தான் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். சிட்டி ஸ்லிப்பில் தேதியும் ஊரும் இருக்கும், எந்தக் கட்டடம் என்று இருக்காது. அந்தக் கட்டத்தில் உனக்கு இன்னும் நாற்காலி ஒதுக்கப்படவில்லை என்று வைத்துக்கொள். தேர்வுக்கு மூன்று நான்கு நாள் முன்பு ஹால் டிக்கெட் வரும், அதில் சென்டர் பெயர் இருக்கும். அதோடு உன் பெயர் எங்களைப் போன்ற சென்டர்களின் ஷிப்ட் பட்டியலுக்குள் போய்விடும். தேர்வு நாளன்று எங்கள் சர்வரில் அந்த ஷிப்டுக்கான பட்டியல் மட்டும்தான் இருக்கும், அதில் இல்லாத ஒருவரை நானே நினைத்தாலும் உட்கார வைக்க முடியாது. போன வருடம் ஒரு பையன் மெயில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிக்கொண்டு வேறு நாளில் எங்கள் வாசலில் வந்து நின்றான். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நாங்கள் என்ன செய்வது? ஆக, ஸ்லிப்புக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் சில நாள்தான் உன் காலம். இன்றைக்கே அனுப்பு.

மூன்றாவது, மாறுமா என்று கேட்டாய். தகவல் கையேட்டில் தேதி, ஷிப்ட், சென்டர் மாற்றக் கோரிக்கை ஏற்கப்படாது என்ற பொருளில் ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். அது உண்மைதான், இது உன் உரிமை இல்லை. ஆனாலும் நியாயமான மோதலைச் சான்றோடு காட்டியவர்களுக்கு மாறி நான் பார்த்திருக்கிறேன். 2020இல் ஜே.இ.இ. மெயின் செப்டம்பர் 1 முதல் 6 வரை, என்.டி.ஏ. எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வு செப்டம்பர் 6. (தேர்வு நடத்தும் முகமைக்கும் அகாடமிக்கும் சுருக்கப் பெயர் ஒன்றே, குழம்ப வேண்டாம்.) இரண்டையும் எழுதுகிறவர்கள் அதை ஜே.இ.இ. விண்ணப்பத்திலேயே தெரிவித்தால் 6ஆம் தேதி போடாமல் பார்த்துக்கொள்வதாக அப்போது அறிவித்தார்கள். ஆக, வழியே இல்லை என்று இல்லை. உன் சார் சொன்னது பாதி சரி.

வழக்கு_வாதி

எதற்கு இந்தக் கெஞ்சல்? இரண்டு தேர்வும் மத்திய அரசு சார்ந்தவை. ஒன்றுக்கொன்று பேசி வைத்திருக்க வேண்டியது அவர்கள் வேலை. அரசியல் சட்டம் 14ஆவது பிரிவு சமத்துவம் சொல்கிறது, 226ஆவது பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் ரிட் போட்டால் முடிந்தது. 2025 பொங்கலுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வைத் தள்ளி வைத்தார்களா இல்லையா? அழுத்தம் கொடுத்தால் அசைவார்கள்.

திருவாரூர் அக்கா

பொங்கலுக்குத் தள்ளி வைத்தது ஒரு ஆளுக்காக இல்லையே சார். 2025 ஜனவரி 15 அன்று இருந்த தாள்களை எல்லாருக்கும் சேர்த்துத்தான் தள்ளினார்கள். தமிழ்நாட்டிலிருந்து அதற்கு முன்பே கோரிக்கை போயிருந்தது, அறிவிப்பு வந்தது தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு. அடுத்த நாள், 16ஆம் தேதித் தேர்வு அப்படியே நடந்தது. பண்டிகை என்றால் லட்சம் பேர் பிரச்சினை. ஐ.எஸ்.ஐ.யும் கியூட்டும் ஒரே நாளில் விழுந்த பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாடு முழுக்கத் தேர்வைத் தள்ளுவதற்கும் ஒரு பையனை வேறு நாளுக்கு மாற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது சுலபம், அதற்குக் கூட்டம் சேர்க்கத் தேவையில்லை, சொல்லப்போனால் கூட்டம் சேர்த்தால் கெட்டுப்போகும்.

வழக்கு_வாதி

கூட்டம் இல்லாமல் எந்த உரிமையும் வந்ததில்லை. ரிட் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே?

லேப்_பொறுப்பாளர்

போடலாம், யார் தடுத்தார்கள். ஆனால் நாள்கணக்கைப் பாருங்கள் சார். பையனுக்கு மொத்தம் பதினொரு நாள் இருக்கிறது. வக்கீல் பிடித்து, மனு தயாரித்து, பட்டியலில் வந்து, எதிர்த்தரப்பு பதில் சொல்ல அவகாசம் கேட்டு... அதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிடும். நீதிமன்றம் முதலில் கேட்கும் கேள்வியும் 'அவர்களிடம் மனு கொடுத்தாயா' என்பதாகத்தான் இருக்கும். எப்படிப் போனாலும் மெயில்தான் முதல் படி. மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம் ஒன்று இருக்கிறது, pgportal.gov.in, அதிலும் மெயில் அனுப்பிய பிறகு ஒரு பதிவு போட்டு வைக்கலாம். ஆனால் அதன் வேகம் வேறு, பதினொரு நாளில் பதில் வரும் என்று அதை மட்டும் நம்பி உட்காராதே.

நெல்லைப்பையன்07

சார், எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன், இங்கே தமிழில் போடுகிறேன், திருத்துங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏழை மாணவன். சிறு வயதிலிருந்தே கணிதத்தில் ஆர்வம். என் வாழ்க்கையே இந்தத் தேர்வை நம்பி இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. தேர்வும் கியூட்டும் ஒரே நாளில் வருகின்றன. தயவுசெய்து தேதியையோ சென்டரையோ மாற்றித் தரவும். என்னைப் போல் பல மாணவர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர். உடனடி நடவடிக்கை எடுக்கவும்."

லேப்_பொறுப்பாளர்

மனதைத் தொடுகிறது, ஆனால் இதை வைத்து ஒருவர் உன்னைக் கணினியில் தேடக்கூட முடியாது. அப்ளிகேஷன் நம்பர் எங்கே?

மெயிலைப் படிப்பவர் முன்னால் ஆயிரக்கணக்கில் மெயில் இருக்கும். அவருக்கு நான்கே விஷயம் வேண்டும். நீ யார், எந்தத் தாள் எந்தத் தேதியில் மோதுகிறது, அதற்குச் சான்று என்ன, உன்னால் எந்த நாள்களில் முடியும். ஏழை, வாழ்க்கை, பல மாணவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடு.

தலைப்பு வரியிலேயே அப்ளிகேஷன் நம்பர், 'தேர்வுத் தேதி மோதல்', தாளின் பெயர், தேதி இவ்வளவும் வரட்டும். திறக்காமலே புரிய வேண்டும். உள்ளே முதல் வரியில் பெயர், பிறந்த தேதி, பதிவு செய்த போன் நம்பர். அடுத்து: 'இந்த ஞாயிறு கணிதமும் பொதுத் தேர்வும் எனக்குத் திருநெல்வேலியில் ஒதுக்கப்பட்டுள்ளன. அதே நாளில் காலையும் மதியமும் சென்னையில் ஐ.எஸ்.ஐ. சேர்க்கைத் தேர்வு உள்ளது, அது ஒரே ஒரு நாள்தான் நடக்கிறது. இந்த இரண்டு தாள்களை மட்டும் கியூட் நடக்கும் வேறு ஏதாவது ஒரு நாளுக்கு மாற்றித் தர வேண்டுகிறேன். மற்ற தாள்களில் மாற்றம் தேவையில்லை.' அவ்வளவுதான். இணைப்பில் சிட்டி ஸ்லிப், ஐ.எஸ்.ஐ. ஹால் டிக்கெட், இரண்டும் பி.டி.எப். ஆக. போனில் எடுத்த கோணல் போட்டோ வேண்டாம்.

'மற்ற தாள்களில் மாற்றம் தேவையில்லை' என்ற வரியை விடாதே. அது இல்லாவிட்டால் மொத்தத்தையும் மாற்றி, வியாழன் எழுதியிருக்க வேண்டியதும் வேறு எங்கோ போய் நிற்கும்.

மெயில் ஐ.டி. விஷயம். பதிவு செய்த ஐ.டி.யிலிருந்து வரும் மெயில்தான் நீ அனுப்பியது என்று நம்ப வசதி. விண்ணப்பத் திருத்த நாளிலும் மெயில் ஐ.டி., போன் நம்பரை மாற்ற விட மாட்டார்கள், அதனால் இப்போது மாற்றுவது பற்றி யோசிக்காதே. நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போ, அந்த அண்ணனை உட்கார வைத்து அவர் ஐ.டி.யிலிருந்தே அனுப்பு, சி.சி.யில் உன் ஐ.டி.யைப் போடு. பதில் அங்கே வந்தால் உனக்கு உடனே சொல்லச் சொல்.

நெல்லைப்பையன்07

சரி சார். அனுப்பிவிட்டேன், சாயங்காலம் 6 மணிக்கு. அந்த அண்ணன் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். 🙂

ஒரு சந்தேகம். ஞாயிறு ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் திங்கள் காலையில்தான் ஊர் வருவேன். கியூட்டைத் திங்கள் காலை ஷிப்டில் போட்டுவிட்டால்? அதே மாதிரி போவதற்குச் சனி ராத்திரி ரயில் ஏற வேண்டும், சனி மாலை ஷிப்ட் வந்தாலும் கஷ்டம். இதையும் எழுதியிருக்கலாமோ?

திருவாரூர் அக்கா

கண்டிப்பாக எழுதியிருக்கணும். 'வேறு ஏதாவது ஒரு நாள்' என்று விட்டால் திங்களில் தூக்கிப் போட நிறைய வாய்ப்பு இருக்கிறது, அப்புறம் மறுபடி மெயில் போட முடியுமா? காலை ஷிப்ட் என்றால் சென்டருக்கு ஏழரைக்காவது போய் நிற்க வேண்டும், ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் முடிந்தது.

லேப்_பொறுப்பாளர்

எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். நிபந்தனை கூடக் கூட, 'இவனுக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவிடத்தான் தோன்றும். ஒரே நாளில் இரண்டு தேர்வு என்பது யாரும் மறுக்க முடியாத காரணம். ரயில் நேரம் என்பது உன் வசதி என்று எடுத்துக்கொள்ளப்படும். திங்கள் வந்தால் ஞாயிறு ராத்திரி பஸ்ஸோ வேறு ரயிலோ பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டிருப்பேன்.

திருவாரூர் அக்கா

வசதி இல்லை சார், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து கணிதத் தாள் எழுதச் சொல்வதற்கு அந்தத் தேதியே மாறாமல் இருக்கலாம். ஸ்லிப்பிலும் ஐ.எஸ்.ஐ. ஹால் டிக்கெட்டிலும் ஊர் பெயர் இருக்கிறதே, ஒரே ஒரு வரியில் 'பயணம் காரணமாகத் திங்கள் காலை தவிர' என்று சேர்ப்பதில் என்ன குறைந்துவிடும்?

லேப்_பொறுப்பாளர்

உங்கள் நியாயமும் புரிகிறது. தம்பி, அனுப்பியாகிவிட்டது. இன்னொரு மெயில் அனுப்பினால் அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பு, புதிதாகத் தொடங்காதே. ஒரே ஆளிடமிருந்து ஏழெட்டு மெயில் வேறு வேறு தலைப்பில் போனால் எது கடைசி என்று தெரியாமல் எல்லாமே கிடப்பில் போகும். சேர்ப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு.

சும்மா_ஒருவன்

எனக்கு ஒன்று தோன்றுகிறது, கணிதம் மாறலாம், நிறைய பேர் எழுதுவார்கள். ஆனால் எல்லாத் தாளுக்கும் இது நடக்குமா?

லேப்_பொறுப்பாளர்

நல்ல கேள்வி. நடக்காது. கணிதம், ஆங்கிலம், பொதுத் தேர்வு மாதிரித் தாள்களை எழுதுகிறவர்கள் ஏராளம், பல நாள் பல ஷிப்டில் வரும், ஆளை நகர்த்த இடம் இருக்கும். எழுதுகிறவர்கள் குறைவாக உள்ள ஒரு மொழித் தாளோ கலைத் தாளோ ஒரே ஒரு ஷிப்டில் மட்டும் வைத்திருந்தால் நகர்த்த இன்னொரு கேள்வித்தாளே இருக்காது. அப்படிப்பட்டவர்கள் எந்தத் தேர்வை விடுவது என்று முன்னாலேயே யோசித்து வைப்பது நல்லது. ஜே.இ.இ. மெயின் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தவிப்பு கொஞ்சம் குறைவு, வருடத்துக்கு இரண்டு அமர்வு, இரண்டில் நல்ல மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். ஒரு அமர்வு மோதினால் மற்றது இருக்கிறது. கியூட்டுக்கு அப்படி இரண்டாவது வாய்ப்பு அந்த வருடத்தில் கிடையாது.

ராஜி அம்மா

தனி இழை போட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. 😔 தம்பி, உனக்கு என்ன ஆச்சு? நானும் தினம் வந்து பார்க்கிறேன்.

நெல்லைப்பையன்07

ஆன்ட்டி, இன்னும் ஒன்றும் வரவில்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன், நாலாவது தடவை கிடைத்தது. எனக்கு ஹிந்தி வராது, தெரிந்த ஆங்கிலத்தில் பேசினேன். அப்ளிகேஷன் நம்பர் கேட்டார்கள், மெயில் வந்திருக்கிறது, பரிசீலிப்போம், ஹால் டிக்கெட்டைப் பாருங்கள் என்றார்கள். திங்கள் விஷயத்தை அதே மெயிலில் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன், அக்கா சொன்னபடி.

லேப்_பொறுப்பாளர்

'ஹால் டிக்கெட்டைப் பாருங்கள்' என்பதுதான் உண்மையான பதில். மெயிலில் தனியாகப் பதில் வராமலே தேதி மாறியிருப்பதும் உண்டு, பதில் வந்தும் மாறாமல் இருப்பதும் உண்டு. ஹால் டிக்கெட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அது மட்டும்தான் செல்லும். அதனால் வந்ததும் ஒருமுறை, தேர்வுக்கு முதல் நாள் ஒருமுறை புதிதாக இறக்கிப் பார். பழைய பி.டி.எப்.பை வைத்துக்கொண்டு போகாதே. ஸ்லிப் தேதியும் ஹால் டிக்கெட் தேதியும் வேறாக இருந்தால் ஹால் டிக்கெட்தான்.

இன்னொன்று, சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டாயா? கியூட் மாறாவிட்டால் எதற்குப் போவது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடு. சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து அழுதுகொண்டு முடிவெடுக்கக் கூடாது.

நெல்லைப்பையன்07

பேசினோம் சார். மாறாவிட்டால் ஐ.எஸ்.ஐ. போவதில்லை என்று அப்பா சொல்கிறார், அதில் இடம் குறைவு, கியூட்டில் மூன்று பல்கலைக்கழகம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. எனக்கு மனசு ஐ.எஸ்.ஐ.யில்தான். டிக்கெட் போட்டாச்சு, ரத்து செய்யவில்லை.

வழக்கு_வாதி

பார்த்தீர்களா, கடைசியில் ஏழை வீட்டுப் பையன்தான் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. அப்பாவின் கணக்கு எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, ஆனால் நான் சொன்னதில் மாற்றமில்லை. வருடத் தொடக்கத்திலேயே எல்லா நுழைவுத் தேர்வுக்கும் ஒரே நாட்காட்டி வேண்டும்.

திருவாரூர் அக்கா

அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் சார். ஆனால் கியூட்டுக்குத் தொடக்கத்தில் ஒரு தேதி வரம்பைத்தான் அறிவிப்பார்கள், எந்தப் பையனுக்கு எந்த நாள் என்பது ஸ்லிப் வரும்போதுதான் தெரியும். நாட்காட்டி இருந்தாலும் அந்த வரம்புக்குள் ஐ.எஸ்.ஐ. ஞாயிறு விழுந்துவிட்டால் இதே கதைதான். விண்ணப்பத்திலேயே 'இந்த நாளில் எனக்கு வேறு நுழைவுத் தேர்வு' என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

நெல்லைப்பையன்07

வந்துவிட்டது!! மெயிலில் ஒன்றும் இல்லை. காலையில் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் போன் பண்ணினார், ஹால் டிக்கெட் விட்டிருக்கிறார்கள் என்று. கணிதமும் பொதுத் தேர்வும் செவ்வாய்க்கிழமை, மதிய ஷிப்ட். ஆங்கிலமும் இயற்பியலும் அதே வியாழன். சென்டர் இரண்டும் திருநெல்வேலிதான். மூன்று தடவை இறக்கிப் பார்த்தேன் சார், நீங்கள் சொன்ன மாதிரி.

என் வகுப்பு நண்பன் ஒருவனுக்கும் இதே மோதல். அவன் ஸ்லிப்பைச் சரியாகப் பார்க்கவில்லை, இன்றைக்கு ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் தெரிந்து மத்தியானம் மெயில் போட்டிருக்கிறான். அவனுக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

லேப்_பொறுப்பாளர்

மகிழ்ச்சி. திங்கள் வரி வேலை செய்ததா, தானாகவே செவ்வாய் விழுந்ததா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, அக்கா வென்றதாகவே வைத்துக்கொள்ளட்டும்.

உன் நண்பனுக்கு நம்பிக்கை சொல்லத் தயங்குகிறேன். பட்டியல் சென்டருக்குப் போயிருக்கும். மெயிலோடு நிற்காமல் இன்றைக்கே போனும் செய்யச் சொல், தினமும் ஹால் டிக்கெட்டைப் புதிதாக இறக்கிப் பார்க்கச் சொல். ஆனால் வெள்ளி ராத்திரி வரைக்கும் மாறவில்லை என்றால் இரண்டில் ஒன்று என்று முடிவெடுத்துவிடச் சொல். அவன் எந்த ஊர் சென்டர் போட்டிருக்கிறான்?

நெல்லைப்பையன்07

அவனும் திருநெல்வேலிதான் சார். இங்கே வந்து எழுதச் சொல்கிறேன். அவன் விண்ணப்பமும் அதே பிரவுசிங் சென்டரில் போட்டதுதான், மெயில் ஐ.டி.யும் அந்த அண்ணனுடையதுதான்.

லேப்_பொறுப்பாளர்

மத்தியானம் போட்ட மெயில் எந்த ஐ.டி.யிலிருந்து போனது என்று முதலில் கேள்.